நெஞ்சுக் கட்டு: 1,620 கிராம் பிள்ளையோடு வீட்டில் 28 நாள்

என் மகன் 33 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே போனதால் அறுவை செய்து எடுத்தார்கள். எடை 1,620 கிராம். நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம். என் மாமியார் பால்மரம் வெட்டிய தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. வீட்டுக்காரரும் அங்கேதான் மருந்து அடிக்கும் வேலை செய்கிறார்.

முதல் இரண்டு நாள் மூக்கில் குழாய் வைத்து அழுத்தத்தோடு காற்று கொடுத்தார்கள். மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும், வார்டில் இருந்த தமிழ் மிஸ்ஸி அவனைத் தூக்கி வந்து, "சட்டை பட்டனைக் கழட்டும்மா, பிள்ளையை உன் நெஞ்சுல வைக்கப் போறேன்" என்றார். பயந்து போனேன். கையில் ஊசிக் குழாய், வாயில் பால் குழாய், காலில் ஒரு வயர், இத்தனையோடும் அவனை வைத்துக் கட்டினார். கங்காரு தாய் பராமரிப்பு எனக்கு அப்படித்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சிரமம் இல்லை, பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருப்பார். பத்தொன்பதாம் நாள் 1,810 கிராமில் வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் தடுமாறினேன். அதனால் வீட்டில் செய்ததையும், தப்பு நடந்த இடங்களையும் மட்டும் எழுதுகிறேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். எடை குறைந்த பிள்ளைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு அதிகம் கிடையாது. உடம்பின் சூடு சீக்கிரம் வெளியே போய்விடும். அந்தச் சூட்டைத் திரும்ப உண்டாக்க, வளர்ச்சிக்குப் போக வேண்டிய பாலை எரிக்கும். தாயின் வெறும் நெஞ்சில் ஒட்டியிருந்தால் அந்தச் செலவு மிச்சம். மூச்சும் சீராகும், நமக்குப் பாலும் ஊறும். கொலம்பியாவில் போகோத்தா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 1978 வாக்கில், இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று பிள்ளைகள் கிடந்த காலத்தில், எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் இதைத் தொடங்கினார். இன்குபேட்டர் இல்லாத குறைக்காக வந்தது என்றாலும், இன்குபேட்டர் இருக்கும் இடங்களிலும் இதுவே நல்லது என்று பிறகு தெரிந்தது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், குறைமாதப் பிள்ளைகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் பிறந்ததிலிருந்தே இதைச் செய்யச் சொன்னது. ஒரு நாளைக்கு குறைந்தது 8 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம் வரை. அந்த மணிக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதில்தான் கோட்டை விட்டேன்.

முதலில் தயாராவது. தினம் ஒரு முறை சாதாரண சோப்பு போட்டுக் குளித்தால் போதும். நெஞ்சில் எண்ணெய், தைலம், பவுடர், செண்ட் எதுவும் வேண்டாம். பிரசவித்த உடம்புக்கு என்று என் மாமியார் இடுப்பில் தைலம் தேய்த்துவிடுவார். அந்தக் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலத்தின் நெடி இவ்வளவு சின்ன பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது.

தாலிக்கொடி இன்னொரு விஷயம். பிள்ளையின் கன்னம் சரியாக அது தொங்கும் இடத்தில்தான் வரும். முதல் நாள் மூன்று மணி நேரம் கழித்து அவனை எடுத்தபோது, கன்னத்தில் தாலியின் அச்சு சிவப்பாக விழுந்திருந்தது. அவ்வளவு மெல்லிய தோல். கழற்றச் சொன்னால் மாமியார் மனசு நோகும், எனக்கும் மனம் வரவில்லை. மிஸ்ஸியே வழி சொன்னார்: கொடியை முதுகுப் பக்கம் தள்ளி, ரவிக்கைக்குள் செருகிவிடுங்கள். சில பெண்கள் அந்த மாதங்களுக்கு மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

துணி விஷயத்தில் எங்கள் பக்கம் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. மாமியார் பத்திரமாக வைத்திருந்த பழைய பருத்திக் கைலிகளை எடுத்துக் கொடுத்தார். அலமாரியைத் திறந்ததுமே பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. மலேசியாவில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பரிசோதனை செய்வார்கள், ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் அந்த நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்க. அந்தக் குறைபாடு இருக்கும் பிள்ளைக்குப் பாச்சை உருண்டையின் நெடியே ரத்த அணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள்காமாலையைக் கொண்டு வந்துவிடலாம். என் மகனுக்கு அந்தக் குறை இல்லை. இருந்தாலும் அந்தத் துணிகளை ஒதுக்கிவிட்டுப் புதுப் பருத்தித் துணி வாங்கினேன். உங்கள் பிள்ளையின் முடிவு என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத் துணி. கொஞ்சம் இழுபடும் பனியன் துணி என்றால் இன்னும் நல்லது. வழவழப்பான பாத்தேக் துணி முடிச்சில் நிற்காது, வழுக்கும். பிள்ளைக்கு ஒரு டயப்பர், ஒரு தொப்பி, காலுறை, அவ்வளவுதான். சட்டை போட்டுவிட்டு நெஞ்சில் வைத்தால் பாதிப் பயன் போய்விடும். தோலோடு தோல் ஒட்ட வேண்டும். நாம் போடுவது முன்பக்கம் திறக்கும் சட்டை. உள்ளாடை வேண்டாம்.

இனிக் கட்டும் முறை. இதைப் பொறுமையாகப் படியுங்கள். முதல் சில தடவை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

துணியை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கிப் பக்கத்தில் வையுங்கள். நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள். ஒரு கையால் பிள்ளையின் கழுத்தையும் பின்தலையையும் தாங்கி, விரல் நுனிகள் தாடைக்குக் கீழே வருமாறு பிடியுங்கள். அப்போதுதான் தூக்கும்போது தலை முன்னால் கவிழாது. மற்றக் கை புட்டத்துக்குக் கீழே. அப்படியே தூக்கி, இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வையுங்கள், நெஞ்சோடு நெஞ்சு. படுக்க வைத்த மாதிரியோ குறுக்காகவோ இருக்கக் கூடாது.

பிறகு தலையை ஒரு பக்கம் திருப்புங்கள். கன்னம் உங்கள் நெஞ்சில் படட்டும், மூக்கும் வாயும் வெளியே தெரியட்டும். தாடை லேசாக மேலே தூக்கியிருக்க வேண்டும், பூவை முகரப் போகிறவர் முகத்தை நீட்டுவது போல. ரொம்பவும் பின்னால் சாய்ந்துவிடவும் கூடாது. குறைமாதப் பிள்ளையின் மூச்சுக் குழாய் மென்மையானது. தாடை நெஞ்சில் இடித்தால் மடங்கிவிடும். அதிகம் பின்னால் வளைந்தாலும் அடைபடும். கைகளை மடக்கி இரண்டு பக்கமும் வைத்து, கால்களைத் தவளை போல மடக்கி விரித்துவிடுங்கள். பிள்ளையின் வயிறு நமது மேல்வயிற்றுக்கு நேராக வரும். அறுவைத் தழும்பு அதற்கு வெகு கீழே இருப்பதால் அதில் கால் படாது. எனக்கு அதுதான் முதல் பயம், ஒரு நாளும் பட்டதில்லை.

இப்போது துணி. மடித்த நீள ஓரம் பிள்ளையின் காதுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். காதுக்கு மேலே போனால் முகத்தை மூடும், கழுத்துக்குக் கீழே இறங்கினால் தலை நிற்காது. துணியின் அகலத்தைப் பிள்ளையின் புட்டத்துக்குக் கீழ்வரை இறக்கி, இரண்டு முனைகளையும் நம் அக்குளுக்குக் கீழே பின்னால் கொண்டுபோய் இரட்டை முடிச்சுப் போடுங்கள். மூன்றாவது மூலையை இடுப்புப் பக்கம் செருகிவிடுங்கள். இறுக்கம் பிள்ளையின் நெஞ்சுப் பகுதியில் இருக்கட்டும். வயிற்றின்மேல் வேண்டாம். இந்த வயதில் பிள்ளை வயிற்றை அசைத்துத்தான் மூச்சு விடும். வயிற்றை இறுக்கினால் மூச்சும் சிரமம், குடித்த பாலும் எதுக்களிக்கும்.

கட்டி முடித்ததும் மூன்று விஷயம் பார்ப்பேன். தாடைக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் நடுவில் என் ஆள்காட்டி விரல் தாராளமாக நுழைய வேண்டும். குனிந்தால் அவன் முகம் எனக்குத் தெரிய வேண்டும். நான் எழுந்து நின்று இரண்டு அடி நடந்தால், ஒரு கையால் தாங்கிக்கொண்டிருக்கும்போதே, அவன் ஒரு விரற்கடைகூட நழுவக் கூடாது. நழுவினால் அவிழ்த்து மறுபடி கட்டுவேன். மேலே இழுத்துச் சரிசெய்வது நிற்காது.

ஒரு முறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து வைத்தால், அந்த அலைச்சலே பிள்ளையைக் களைப்பாக்கிவிடும்.

அந்த மூன்றாவது சோதனையை விட்ட நாளில்தான் எங்களுக்கு ஆபத்து வந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மதியம். புதுத் துணி காயவில்லை என்று ஒரு பாத்தேக் கைலியால் கட்டியிருந்தேன். இரவெல்லாம் விழித்த அசதியில் சோபாவில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். முடிச்சு தளர்ந்து, அவன் கீழே இறங்கி, தலை கவிழ்ந்து, தாடை நெஞ்சில் மடங்கிவிட்டது. அடுப்படியிலிருந்து வந்த மாமியார்தான் பார்த்தார். "ஆத்தா, பிள்ளை உதட்டைப் பாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் விழித்தேன். உதடு நாவற்பழத்தைக் கடித்தது மாதிரி கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தது கைக்குத் தானாக வந்தது. துணியை அவிழ்த்து, தலையை நேராக்கி, தாடையை லேசாகத் தூக்கி, முதுகைக் கீழிருந்து மேலாக அழுத்தித் தேய்த்தேன். உள்ளங்காலைச் சுண்டினேன். மூச்சை இழுத்து அழுதான். சில நொடிகள்தான் இருக்கும். அவன் சிவந்து அழுத பிறகும் நாங்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம், ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். தேய்த்தும் மூச்சு வராவிட்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் 999ஐ அழைக்க வேண்டும். வீட்டுக்கு வருமுன் பிள்ளைக்கு மூச்சு கொடுக்கும் முறையையும் வார்டில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். குறைமாதப் பிள்ளை ஐந்து, பத்து நொடி மூச்சை நிறுத்திவிட்டு, பிறகு வேகமாக நாலு மூச்சு விடும். நிறம் மாறாமல் இருந்தால் அது இயல்பு. 20 நொடிக்கு மேல் நின்றாலோ, நின்றது கொஞ்ச நேரமே ஆனாலும் உதடு நீலமாகவோ முகம் வெளுப்பாகவோ மாறினாலோ அது இயல்பு இல்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோபா கிடையாது. தூக்கம் வந்தால் இரண்டே வழிதான். வேறு ஒருவர் நெஞ்சுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சரிவான படுக்கைக்குப் போக வேண்டும். அந்தப் படுக்கையை வீட்டுக்காரர் செய்து கொடுத்தார். கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு ஒட்டி ஒரு மர நாற்காலியைக் கவிழ்த்து வைத்தால், அதன் முதுகு சரிவாக நிற்கும். அதன்மேல் கெட்டியான தலையணைகளைப் போட்டு, நழுவாமல் சேலையால் கட்டினார். படுத்தால் உடம்பு பாதி உட்கார்ந்த மாதிரி, 30லிருந்து 45 பாகை சாய்வில் இருக்கும். இரண்டு கைக்கும் கீழே ஒரு தலையணை வைத்தால் பக்கவாட்டில் சாயவும் முடியாது. மட்டமாக மல்லாந்து படுத்துத் தூங்குவதும் ஒருக்களித்துத் தூங்குவதும் வேண்டாம். தூக்க மருந்து அல்லது மயக்கம் தரும் இருமல் மருந்து குடித்த நாளில் நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

நெஞ்சில் இல்லாத நேரத்தில் அவன் தனி மெத்தையில் மல்லாந்து படுப்பான். தூளி கட்ட மாமியார் ஆசைப்பட்டார். என் வீட்டுக்காரரும் அவர் தங்கைகளும் ஸ்பிரிங் போட்ட தொட்டிலில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் தூளியில் பிள்ளை வளைந்து கிடக்கும், தாடை மறுபடி நெஞ்சில் மடங்கும். சோபாவில் நடந்ததைப் பார்த்தவர் என்பதால், இதை விளக்கிச் சொன்னதும் அவரே கொக்கியிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டார்.

சூடு பற்றி எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி: இந்த வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பிள்ளை வேகாதா? நியாயமான கேள்வி. "பச்சை உடம்புக்காரி சூடு பிள்ளைக்கு ஏறிடும்" என்று மாமியாரும் சொன்னார். ஊகத்துக்குப் பதில் தெர்மாமீட்டரை நம்பினோம். அக்குளில் வைத்தால் 36.5லிருந்து 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்து எழுதினேன். மதியத்தில் ஒரு நாள் 37.7 காட்டியது. தொப்பியையும் காலுறையையும் கழற்றி, என் சட்டையின் முன்பக்கத்தை விரித்துவிட்டு, அரை மணி கழித்துப் பார்த்தபோது 37.2. அப்படி இறங்கினால் அது வெளிச்சூடு. இறங்காமலே நின்றால் காய்ச்சல், உடனே கொண்டுபோக வேண்டும். மாறாக, மழை பெய்த ஒரு ராத்திரி 36.2 காட்டியது. தொப்பி போட்டு, முதுகின்மேல் ஒரு போர்வையும் போட்டுக் கட்டியதில், ஒரு மணி நேரத்தில் 36.7க்கு ஏறியது. காத்தாடி ஓடலாம், காற்று நேராகத் தலையில் அடிக்கக் கூடாது. உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் நல்லதே. கால் ஜில்லென்று இருந்தால் தெர்மாமீட்டரை எடுங்கள்.

தினமும் தலைக்கு ஊற்றுவது, பிறகு சாம்பிராணி போடுவது இரண்டையும் தள்ளி வைத்தோம். ஈரம் சூட்டை வாங்கிவிடும், புகை மூச்சுக்கு ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பகுதி பகுதியாகத் துடைத்து, உடனே உலர்த்தி நெஞ்சுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

அப்பாவும் பாட்டியும்கூட நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம், மார்பில் முடி இருந்தாலும் தடையில்லை. ஆனால் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாக்களுக்கு ஒன்று உண்டு. மருந்து அடித்துவிட்டு வரும் உடம்பில், துணியில், தலைமுடியில் களைக்கொல்லி ஒட்டியிருக்கும். என் வீட்டுக்காரர் சப்பாத்தையும் வேலைத் துணியையும் வெளியிலேயே கழற்றி, பின்பக்கம் தலைக்குக் குளித்து, வேறு துணி மாற்றிய பிறகுதான் உள்ளே வருவார். அந்தத் துணியைப் பிள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைக்க மாட்டோம். சிகரெட்டும் அப்படித்தான். வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் நெஞ்சிலும் மூச்சிலும் புகை இருக்கும். நாங்கள் யாரும் நெருக்கவில்லை, அவனை முதல் முறை நெஞ்சில் வைத்த அன்றே அவராக விட்டுவிட்டார்.

இனி எடைக் கதை. பிறந்தபோது 1,620. நான்காம் நாள் 1,510க்கு இறங்கினான். முதல் நாட்களில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவது இருக்கக்கூடியதுதான். பதினோராம் நாள் பிறந்த எடைக்குத் திரும்பினான். பத்தொன்பதாம் நாள் 1,810. இந்த அளவில் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 15 கிராமாவது ஏற வேண்டும். அவன் கணக்குக்கு நாளுக்கு 27 கிராம், வாரத்துக்கு 190 கிராம் போல. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து கிளினிக்கில் நிறுத்தபோது 1,870. அறுபதே கிராம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிளினிக் மிஸ்ஸி திட்டவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, "நேத்து காலையிலேருந்து எத்தனை மணிக்குப் பால் கொடுத்தீங்க, எத்தனை மணிக்கு நெஞ்சுல வெச்சீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. அழுதால் கொடுத்தேன், அழவில்லை என்றால் "நல்லாத் தூங்குறான்" என்று விட்டேன். நாளுக்கு ஆறு முறைதான் வந்தது. நெஞ்சில் வைத்தது கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு முறை தூக்கினார்கள், மீதி நேரம் போர்வையில் சுற்றிக் கிடந்தான்.

குறைமாதப் பிள்ளைக்குப் பசித்தால் அழத் தெம்பு இருக்காது, தூங்கிவிடும். அந்தத் தூக்கத்தை நிம்மதி என்று நினைத்ததே என் தவறு. மிஸ்ஸி கணக்குப் போட்டார். டாக்டர் சீட்டில் எழுதியிருந்தபடி ஒரு கிலோவுக்கு நாளுக்கு 160 மில்லி. 1,870 கிராமுக்கு ஏறக்குறைய 300 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 37, 38 மில்லி. மார்பில் எவ்வளவு குடிக்கிறான் என்று அளக்க முடியாது, பத்து நிமிடத்திலேயே களைத்தும் விடுகிறான். அதனால் மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும் அலாரம் வைத்து எழுப்ப வேண்டும். முதலில் மார்பில் 10, 15 நிமிடம், பிறகு பீய்ச்சி வைத்த பாலில் 20 மில்லி கிண்ணத்தில். இந்த அளவு என் மகனுக்குச் சொன்னது. உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டரோ மிஸ்ஸியோ சொல்ல வேண்டும். நெஞ்சிலேயே கட்டியிருந்ததால் எழுப்புவதும் சுலபம், தொப்பியை எடுத்துக் காதோரம் தடவினாலே வாயைச் சப்புக் கொட்டுவான்.

கிண்ணத்தில் கொடுப்பதற்குச் சின்ன சில்வர் கிண்ணம் போதும், கொதிநீரில் போட்டு எடுத்தது. பிள்ளையை நிமிர்த்தி உட்கார்த்தி, விளிம்பைக் கீழ் உதட்டில் லேசாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவு மட்டும் சாயுங்கள். அவனாக நாக்கை நீட்டிப் பூனைக்குட்டி போல நக்கி எடுப்பான். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். நிறுத்தினால் நாமும் நிறுத்தி, கிண்ணத்தை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். முதல் நாள் 20 மில்லிக்கு அரை மணி ஆனது, கால்வாசி கழுத்துத் துணியில் போனது. ஐந்தாம் நாள் பத்து நிமிடம்.

நெஞ்சுக் கட்டு நேரத்தையும் பங்கு போட்டோம். இரவும் காலையும் நான், பத்து மணி நேரம். மதியம் நான் தூங்கும்போது மாமியார் மூன்று மணி நேரம். மாலை குளித்துவிட்டு வரும் அப்பா மூன்று மணி நேரம். விருந்தாளிகளுக்குப் பிள்ளையைத் தூக்கக் கொடுக்கவில்லை, தூரத்திலிருந்து முகம் பார்க்கச் சொன்னோம். வருத்தப்பட்டவர்கள் உண்டு. அதற்கடுத்த வாரம் அதே தராசில், துணியில்லாமல் நிறுத்தபோது 2,080. ஒரே வாரத்தில் 210 கிராம். மாமியார் மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பிறகு 2,280, பிறகு 2,490.

இடையில் எப்போது கொண்டு ஓட வேண்டும் என்பதைக் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தோம், மாமியாரும் படிக்கும்படி. மூச்சு நிற்பது, நீலம் பாய்வது. அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல், அல்லது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, முனகுவது. எழுப்பியும் குடிக்காமல் இருப்பது. ஒரு மணி நேரம் நெஞ்சில் வைத்தும் சூடு ஏறாதது, அல்லது காய்ச்சல். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பாய்வது. வெட்டி இழுப்பது. இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. போகும் வழியிலும் பிள்ளையை நெஞ்சிலேயே கட்டிக்கொண்டு போகலாம். வண்டியை வேறு ஒருவர் ஓட்டட்டும், நாம் பின்சீட்டில், முகத்தைப் பார்த்துக்கொண்டே.

எப்போது நிறுத்துவது என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறந்து 47ஆம் நாள், கிட்டத்தட்ட 40 வாரக் கணக்கு நிறையும் சமயம், எடை இரண்டரைக் கிலோவைத் தொடும்போது, கட்டினால் முக்கினான். கையை வெளியே இழுத்தான். காலால் என் வயிற்றை உந்தி, துணியை மீறி மேலே ஏறப் பார்த்தான். ஒரு வாரத்துக்கு இரவில் மட்டும் வைத்தோம், அப்புறம் துடைத்துவிட்ட பிறகும் மழை நாளிலும் மட்டும். தெர்மாமீட்டர் வெறும் மெத்தையிலும் 36.8 காட்டியது. கைலிக்குப் பதிலாக வாங்கிய அந்த ஒரு மீட்டர் துணி இப்போது அவனுக்குப் போர்வை. அதன் ஒரு மூலையில் முடிச்சுப் போட்ட சுருக்கம் இன்னும் போகவில்லை.